ரெம்ப்ராண்ட் படத்துல ஒரு சாயப்பட்டறை முதலாளி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறைங்க, முப்பது வருசத்துக்கு மேல ஓடிட்டு இருக்குது. ஆரம்பிச்சவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்துச்சு. பசங்க ரெண்டு பேரும் வித்தியாசமா ஒரு பரிசு குடுக்கணும்னு யோசிச்சு, பழைய ஆயில் பெயிண்டிங் ஒண்ணுல அப்பாவை சேர்த்து பெரிய கேன்வாஸ்ல பிரிண்ட் போடலாம்னு முடிவு பண்ணிட்டு ஈரோட்டுல இருக்கற எங்க ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. படத்தை அவங்களே எடுத்துட்டு வந்திருந்தாங்க, டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1662ல வரைஞ்ச துணி சோதனை அதிகாரிங்க படம், இப்ப ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்குது. சாயம் போட்ட துணியை சாம்பிளோட ஒப்பிட்டுப் பாத்து தரம் சொல்றதுதான் அதுல இருக்கற அஞ்சு பேரோட வேலை. தொப்பி போட்டுட்டு மேஜைக்கு பின்னாடி இருக்காங்க, அவங்களுக்கு பின்னாடி தொப்பி இல்லாம ஒரு பணியாளர் நிக்கறாரு. ஷேடு கார்டை கையில வெச்சுட்டு லாட் லாட்டா பாஸ், ரிஜெக்ட்னு சொல்லியே வயசான மனுசனுக்கு இதைவிட பொருத்தமான படம் தேடினாலும் கிடைக்காது, அந்த தேர்வுக்கு பசங்களைத்தான் பாராட்டணும்.

ரைக்ஸ்மியூசியம் அவங்க சைட்டுல பெரிய சைஸ் படத்தை இலவசமாவே டவுன்லோட் பண்ண விடறாங்க, காப்புரிமை பிரச்சனையும் இல்ல, அதனால ஃபைலுக்கு அலையவேண்டி இருக்கல.

பசங்க வேற ஒரு இடத்துல ஏற்கனவே ஒரு வெர்ஷன் செஞ்சு வாங்கி வெச்சிருந்தாங்க. எல்லாம் சரியாத்தான் தெரியுது, ஆனா அப்பா மட்டும் ஒட்டவே இல்ல, ஏன்னு சொல்லத் தெரியலன்னாங்க.

முதல் வெர்ஷன்ல பார்த்தது

அதை செஞ்சவங்க உழைப்புல குறை சொல்ல முடியாதுங்க, கட்டிங் சுத்தமா இருந்துச்சு, கலரும் பழுப்பா மாத்தி இருந்தாங்க, மேல ஆயில் பெயிண்ட் ஃபில்டரும் போட்டிருந்தாங்க. அப்பறம் ஏன் ஒட்டலன்னு உக்காந்து பாத்தப்ப நாலு விசயம் கண்ணுல பட்டுச்சு.

முதல்ல வெளிச்சம். ரெம்ப்ராண்ட் படத்துல வெளிச்சம் இடது பக்கம் மேல இருந்து வருது, எல்லா மூஞ்சிலயும் மூக்கு நிழல் வலது பக்கம் விழுது. இவரோட போட்டோ ஏதோ கல்யாணத்துல ஃபிளாஷ் வெச்சு நேரா எடுத்தது, மூஞ்சில ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம், கண்ணு நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி. இதுக்கு மேல பர்ன், டாட்ஜ்னு எவ்வளவு பண்ணுனாலும் கன்னம் கறுக்குமே தவிர நிழல் வராது. நிழல்னா மூக்கு, புருவம், மோவாய்னு ஒவ்வொண்ணோட வடிவத்தையும் ஒட்டி விழணும்.

ரெண்டாவது கேமரா உயரம். இந்தப் படத்தை கவனிச்சுப் பாத்தீங்கன்னா மேஜைமேல விரிச்ச சிவப்பு கம்பளத்தோட முன்பக்கம் தெரியும், ஆனா மேஜையோட மேல்தளம் தெரியாது. உயரமா மாட்டப்போற படம்ங்கறதால, கீழ இருந்து அண்ணாந்து பாக்கற ஆளோட பார்வையில வரைஞ்சிருக்காரு. அந்தக் கல்யாண போட்டோ கண்ணு மட்டத்துல இருந்து எடுத்தது. ஆறு பேரும் நம்மளை மேல இருந்து பாக்கறாங்க, இவரு மட்டும் நேருக்கு நேரா நிக்கறாரு. சாதாரணமா பாக்கறவங்களுக்கு இதை பேர் வெச்சு சொல்லத் தெரியாது, ஆனா கண்ணு கண்டுபிடிச்சிரும்.

மூணாவது சட்டை. வெள்ளை சட்டை, நல்லா கஞ்சி போட்டது. மொத்தப் படத்துலயும் வெள்ளைன்னு கண்ணுல படறது பெரும்பாலும் அந்த அஞ்சாறு காலர்தான், மத்ததெல்லாம் கறுப்பு, பழுப்பு, சிவப்பு. அங்க இவ்வளவு பெரிய வெள்ளையைக் கொண்டுபோய் வெச்சா கண்ணு நேரா அங்கதான் போகும்.

நாலாவது அந்த ஃபில்டர். போட்டோஷாப்புல இருக்கற `Oil Paint` ஃபில்டர் எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்ல, ஒரே நீளத்துல கோடு போடும். கண்ணுக்கும் அதே பிரஷ், சுவத்துக்கும் அதே பிரஷ். ரெம்ப்ராண்ட் கடைசி காலத்துல வரைஞ்சதெல்லாம் நேர் எதிர், வெளிச்சம் விழற இடத்துல பெயிண்ட் தடியா மேடு தட்டி இருக்கும், நிழல்ல தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கும், அடிப்பூச்சே வெளிய தெரியும். அதாவது பெயிண்ட் தடிமன் வெளிச்சத்தை ஒட்டி மாறுது. இதை புரிஞ்சுக்காம எந்த பிரஷ் போட்டாலும் பிரயோஜனம் இல்லைங்கறது என்னோட கருத்து.

அதனால பழைய ஃபைலை திருத்தறது இல்ல, போட்டோவுல இருந்தே புதுசா ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணுனோம். போட்டோ புதுசா எடுக்கணும்னா அப்பாவுக்கு விசயம் தெரிஞ்சுருமேன்னு பசங்க தயங்குனாங்க, அறுபதாம் கல்யாண பத்திரிகைக்கு போட்டோ வேணும்னு சொல்லி சமாளிச்சுட்டாங்க.

எங்க வைக்கறது

இதுல கொஞ்சம் வாக்குவாதம் நடந்துச்சு. டெக்னிக்கலா பாத்தா நடுவுல நிக்கற பணியாளரை எடுத்துட்டு அந்த இடத்துல இவரை வைக்கறது சுலபம், அவருக்கும் தொப்பி இல்ல, இவருக்கும் இல்ல, பின்னாடி சுவரை புதுசா உருவாக்கற வேலையும் குறையும். பெரிய பையன் அதைக் கேட்டதும், "ஏனுங்க, முப்பது வருசம் பட்டறை நடத்துனவரை எடுபிடி ஆளாட்ட நிக்க வெக்கறதுங்களா"ன்னு கேட்டுட்டாரு. நியாயமான கேள்விதான். இன்னொரு விசயம், யாரையாவது எடுத்துட்டு இவரை வெச்சா அது படத்தை மாத்தறது, சேர்க்கறது இல்ல. ஆறு பேரும் அப்படியே இருக்கணும், ஏழாவது ஆளா இவரு வரணும்னு முடிவாச்சு.

வலது ஓரத்துல உக்காந்திருக்கவருக்கும் அவருக்கு பக்கத்துல இருக்கவருக்கும் நடுவுல, பின்னாடி, மரப்பலகை சுவத்துக்கு முன்னாடி இடம் இருந்துச்சு. அங்க வெச்சா என்ன லாபம்னா, முன்னாடி இருக்கற ரெண்டு பேரோட தோளும் இவரோட உடம்பை மறைச்சிரும். ஒருத்தரை இன்னொருத்தர் மறைச்சாலே அவரு அந்த ரூமுக்குள்ள இருக்காருன்னு கண்ணு நம்பிரும். கையி வரைய வேண்டியதில்ல, கையிங்கறது இந்த மாதிரி வேலையில ரொம்ப காட்டிக்குடுக்கற இடம். சட்டை பிரச்சனையும் இங்கயே பாதி தீந்துச்சு. வெளிச்சம் இடது பக்கம் இருந்து வர்றதால, இவருக்கு இடது பக்கம் உக்காந்திருக்க ஆளோட நிழல் இவரோட நெஞ்சுமேல விழறது இயல்பு. அப்ப சட்டை மங்கலா இருக்கறதுக்கு படத்துக்குள்ளயே ஒரு காரணம் கிடைச்சிருது.

நிக்க வெச்சா தலை எல்லாருக்கும் மேல போயிரும், பணியாளர் தலையோட சேர்ந்து ரெண்டு கொம்பு மாதிரி தெரியும். அதனால பாதி எந்திரிச்ச மாதிரி, தலை பணியாளர் தலையைவிட கொஞ்சம் கீழ, உக்காந்திருக்கவங்களைவிட கொஞ்சம் மேல. படத்துல இடது பக்கம் இருந்து ரெண்டாவது ஆளும் அதே மாதிரி பாதி எந்திரிச்சுத்தான் இருக்காரு, அதனால இந்த நிலை படத்துக்கு புதுசு இல்ல.

போட்டோ எடுத்தது

ஸ்டுடியோவுல எடுக்கல. அவங்க ஊர்ல பழைய தொட்டிக்கட்டு வீடு ஒண்ணு இருக்குது, நடுவுல மேல திறந்த முத்தமாட்டம் தொட்டி, சுத்தியும் தாழ்வாரமாட்டம் ஆசாரம். நேர் வெயில் உள்ள இறங்காத நேரத்துல அந்தத் தொட்டி வழியா வானத்து வெளிச்சம் மட்டும் மேல இருந்து ஒரே பக்கமா வரும். ஆளை ஆசாரத்துல, தொட்டி அவருக்கு முன்பக்கம் சாய்வா வர்ற மாதிரி உக்கார வெச்சோம், அதாவது கேமராவுல பாக்கறப்ப வெளிச்சம் இடது மேல இருந்து வரணும். ஃபிளாஷ் எதுவும் இல்ல.

ஆனா சுண்ணாம்பு அடிச்ச சுவரு வெளிச்சத்தை திருப்பி அடிச்சு நிழல் பக்கத்தை வெளுக்க வெச்சுட்டே இருந்துச்சு. இதுக்கு பட்டறையில இருந்து கறுப்பு சாயம் போட்ட பனியன் துணி ஒரு ரோல் எடுத்துட்டு வந்து, அவரோட வலது பக்கம் (நமக்கு தெரியற வலது) சுவத்துலயும் தரையிலயும் விரிச்சோம். உடனே மூக்கு நிழல் கன்னத்துல இறங்கிருச்சு. கறுப்புத் துணியை விரிச்சா வெளிச்சம் கூடாது, குறையும், அந்த குறையறதுதான் இங்க தேவை. பத்திரிகை போட்டோவுக்கு எதுக்குடா கறுப்புத் துணி, அபசகுனம்னு அவரு முனகுனதையும் சொல்லணும், சின்னப் பையன் ஏதோ சொல்லி அடக்குனாரு.

கேமரா சுமாரா ரெண்டரை அடி உயரத்துல, அதாவது மேஜை மட்டத்துல. பக்கத்துல போய் கீழ இருந்து எடுத்தா மோவாயும் மூக்குத் துளையும்தான் பெருசா தெரியும், அதனால 85 எம்எம் லென்ஸ் போட்டு நாலு மீட்டர் தள்ளி உக்காந்து எடுத்தோம். தூரத்துல இருந்து எடுத்தா கீழ்க்கோணம் மெல்லிசா வரும், மூஞ்சி கோணலாகாது. பாக்கறது லென்ஸைத்தான் பாக்கணும்னு சொல்லியாச்சு, படத்துல இருக்கவங்கள்ல பெரும்பாலானவங்க பார்வை நம்ம பக்கம்தான் வருது, அவங்க வேலைக்கு நடுவுல யாரோ உள்ள வந்த மாதிரி.

மூக்குக்கண்ணாடியை கழட்டிரலாமான்னு கேட்டோம், வேண்டாம்னாங்க, கண்ணாடி இல்லாத அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனா லென்ஸ்ல தொட்டி முழுசும் நீலமா பிரதிபலிச்சுது. கண்ணாடிக் கடையில சொல்லி அதே மாதிரி ஃப்ரேம் லென்ஸ் இல்லாம வாங்கி மாட்டி எடுத்தோம். இது ஒண்ணே எங்களுக்கு கண்ணுக்குள்ள சுத்தம் பண்ற வேலையை முழுசா மிச்சம் பண்ணுச்சு.

டோன் முதல்ல, கலர் அப்பறம்

ஃபைலை பிரிண்ட் சைஸுக்கு செட் பண்ணுனோம். ஒரிஜினல் 191.5 செ.மீ. உயரம், 279 செ.மீ. அகலம். நாங்க போடப்போறது ஆறடி அகலம், இஞ்சுக்கு 150 பிக்சல், அப்ப அகலம் 10,800 பிக்சல். கணக்கு போட்டா ஒரிஜினல்ல ஒரு செ.மீ.ங்கறது எங்க ஃபைல்ல சுமாரா 39 பிக்சல். இந்த நம்பரை எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டி வெச்சோம், பிரஷ் வேலைக்கு இதுதான் அளவுகோல், அதைப் பத்தி கீழ வருது.

ஆளை வெட்டி வெச்சதும் முதல் வேலையா மேல ஒரு கறுப்பு வெள்ளை லேயர் போட்டு கலரையே மறைச்சுட்டோம். கலர் இருந்தா கண்ணு ஏமாந்துரும். கறுப்பு வெள்ளையில பாத்தா கேள்வி ஒண்ணுதான், இவரு மூஞ்சியோட வெளிச்சமான இடம் பக்கத்து மூஞ்சிங்களோட ஒப்பிட்டா எங்க நிக்குது, நிழல் எங்க நிக்குது. இவரு பின்வரிசை, அதனால முன்னாடி இருக்கவங்களைவிட ஒரு படி கம்மியா இருக்கணும். கர்வ்ஸ்ல இறக்கி, படத்தை சின்னதா தபால்தலை சைஸுக்கு ஆக்கிப் பாத்து, இடவலமா திருப்பிப் பாத்து, ஏழு தலையும் ஒரே கூட்டமா தெரியற வரைக்கும் மத்த எதையும் தொடல.

இங்கதான் நிறம் பத்தின பேச்சு வந்துச்சு. மருமகள் படத்தைப் பாத்துட்டு, "மாமா மட்டும் ரொம்ப கறுப்பா தெரியறாங்க, அவங்க அளவுக்கு கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க"ன்னாங்க. வேண்டாம்னு சொன்னோம், காரணத்தையும் சொன்னோம். மாநிறத்தை வெளுத்தா கன்னம் சாம்பல் பூத்து போகும், ஆளும் அவரு ஆளா இருக்க மாட்டாரு. சரி, அப்ப கறுத்த தோலை ரெம்ப்ராண்ட் எப்படி வரைஞ்சாருன்னு பாக்கணும். அதுக்கு ஆதாரம் இருக்குது, 1661ல அவரு வரைஞ்ச ரெண்டு ஆப்பிரிக்க ஆண்கள் படம், ஹேக் நகரத்துல மௌரிட்ஷைஸ் மியூசியத்துல இருக்குது, நம்ம படத்துக்கு ஒரு வருசம் முன்னாடி. அதுல தோல் முழுக்க பழுப்பு, அங்கங்க நெத்தியிலயும் மூக்குலயும் மட்டும் சின்னதா சாம்பல் கலந்த மினுக்கு. வெள்ளைத் தோல்ல வெளிச்சம் கன்னம் முழுக்க பரவும், கறுத்த தோல்ல வெளிச்சம் சின்ன இடத்துல கூடி நிக்கும். அந்த வேறுபாட்டை புரிஞ்சுட்டு, மினுக்கை மட்டும் சரியான உயரத்துக்கு ஏத்துனோம், தோலோட நடு டோனை தொடல. பாத்துட்டு மருமகளே, "இது மாமாவேதான்"னுட்டாங்க.

கலருக்கு போட்டோ ஃபில்டர் எதுவும் போடல. மொத்தத்துக்கும் மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி பண்ணா எல்லாம் ஒரே மஞ்சளாயிரும், ஆயில் பெயிண்டிங்ல அப்படி இருக்காது. ஐட்ராப்பரை எடுத்து காலரோட ரொம்ப வெளுத்த இடத்துல வெச்சுப் பாருங்க, அது வெள்ளையே இல்ல, ப்ளூ சேனல் மத்த ரெண்டையும்விட நல்லா கீழ இருக்கும். கறுப்பு கோட்டுல வெச்சா அதுவும் கறுப்பில்ல, சிவப்பு சாஞ்ச இருட்டு. தொட்டி வெளிச்சத்துல எடுத்த போட்டோவுல நிழல் எல்லாம் நீலம் அடிக்கும், இந்தப் படத்துல நீலம்னு சொல்ல எதுவுமே கண்ணுல படல. அதனால கர்வ்ஸ்ல ஒவ்வொரு சேனலா, மேல் நுனியை காலருக்கும் கீழ் நுனியை கோட்டுக்கும் சரிபண்ணிட்டு, அப்பறம் பக்கத்து மூணு மூஞ்சில இருந்து வெளிச்சம், நடு, நிழல்னு கலர் எடுத்து ஒரு சின்ன பேலட் பண்ணுனோம், அதுல இல்லாத கலரை வரையறப்ப தொடறதில்லன்னு ஒரு கட்டுப்பாடு. அந்த ஆப்பிரிக்க ஆண்கள் படத்துல இருந்து எடுத்த பழுப்புங்க மட்டும் விதிவிலக்கு.

சட்டையில காலரோட இடது நுனி மட்டும் வெளிச்சத்துல, அதுவும் பக்கத்து காலருங்களைவிட ஒரு படி கம்மி. கீழ போகப் போக பழுப்பு கலந்த சாம்பல், தோளு நிழல்ல கரைஞ்சிருது. பாக்கெட் பேனா கோடாட்டம் ஒரு மினுக்கு மட்டும், அது இருந்தே ஆகணும்னு பசங்க பிடிவாதம்.

பிரஷ்

போட்டோமேல புது லேயர் போட்டு, `Mixer Brush` எடுத்து, `Sample All Layers` ஆன் பண்ணி, பேனா டேப்லெட்ல கையாலயே வரைஞ்சோம். போட்டோ கீழ வழிகாட்டியா மட்டும்தான், கடைசியில அதை அணைச்சுட்டுப் பாத்தாலும் ஆளு முழுசா நிக்கணும்னு இலக்கு.

அளவுகோல் சொன்னேன் இல்லைங்களா, இங்கதான் அது வேலை செஞ்சுது. இந்தப் படத்துல ஆளுங்க ஏறக்குறைய நிஜ அளவு. நிஜத்துல ஒரு செ.மீ. அகல பிரஷ்னா எங்களுக்கு 39 பிக்சல், ரெண்டு மில்லிமீட்டர் நுனின்னா எட்டு பிக்சல். மூஞ்சிக்கு 39க்கு மேல போகல, கண் இமை, ஃப்ரேம் மினுக்குக்கு எட்டுக்கு கீழ போகல. ஜூம் பண்ணி ஒவ்வொரு ரோமமா வரையற ஆசை எல்லாருக்கும் வரும், ஆனா எட்டு பிக்சலுக்கு கீழ வரைஞ்சா பக்கத்து மூஞ்சிங்கள்ல இல்லாத நுணுக்கம் இவரு மூஞ்சில வந்துரும், உடனே போட்டோன்னு தெரிஞ்சிரும்.

நிழல் பக்கத்தை முதல்ல, அகலமான பிரஷ், கம்மி ஒப்பாசிட்டி, தடமே தெரியாம. அப்பறம் நடு டோன். கடைசியா வெளிச்சம், அங்க மட்டும் கலவை கம்மி, லோடு ஜாஸ்தி, வெச்ச ஸ்ட்ரோக்கை திரும்ப தடவறது இல்ல. நெத்தி மேட்டுல குறுக்கா, மூக்குத் தண்டுல மேல இருந்து கீழ, கன்னத்துல வளைவை ஒட்டி. அந்த தடிச்ச ஸ்ட்ரோக்குக்கு ஒரு மேடு தெரியணும், அதுக்கு காலர்ல ஜூம் பண்ணி ரெம்ப்ராண்ட்டோட பெயிண்ட் மேடு எந்தப் பக்கம் மினுங்குது, எந்தப் பக்கம் நிழல் போடுதுன்னு பாத்து அதே திசையில எம்போஸ் குடுத்தோம். படத்துக்குள்ள இருக்கற வெளிச்சமும், படத்தை மியூசியத்துல போட்டோ எடுத்தப்ப விழுந்த வெளிச்சமும் வேற வேறங்கறதை மறந்துரக்கூடாது, மேடு ரெண்டாவதுக்குத்தான் சொந்தம்.

அவரு நெத்தியில திருநீறு எப்பவும் மூணு பட்டையா இருக்கும். போட்டோவுல அது பளிச்சுனு வெள்ளை. அதை காலர் வெள்ளையில இருந்து ரெண்டு படி இறக்கி, காய்ஞ்ச பிரஷ்ல இழுத்தாப்பல விட்டு விட்டு வரைஞ்சோம், நிழல் பக்கம் போறப்ப கிட்டத்தட்ட காணாமப் போயிரும். கண்ணாடி ஃப்ரேமும் அதே மாதிரித்தான், முழு வட்டமா கோடு போடல, வெளிச்சம் படற மூணு நாலு இடத்துல ஒடைஞ்ச மினுக்கு, மீதியை பாக்கறவங்க கண்ணே சேர்த்துக்கும். எனக்கு இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப புடிச்ச இடம் இந்த திருநீறுதான், படத்துல இருக்கற ஆறு பேருக்கும் இல்லாத ஒரு விசயம், ஆனா அந்நியமா தெரியல.

விளிம்பு பத்தி ஒரு வார்த்தை. வெளிச்சப் பக்கம் தலை விளிம்பு தெளிவா, நிழல் பக்கம் சுவத்தோட கரைஞ்சு. கட் பண்ணி ஒட்டுன படத்துல சுத்தியும் ஒரே கூர்மை இருக்கும், அதுதான் முதல்ல காட்டிக்குடுக்கும்.

விரிசலும் கேன்வாஸ் நெசவும்

360 வருச பெயிண்ட்ல மெல்லிசா விரிசல் இருக்குது, இவரு மேல மட்டும் இல்லைன்னா இவரு நேத்து வந்தவருன்னு ஆயிரும். சுவத்துல இருந்தும் மூஞ்சிங்கள்ல இருந்தும் சின்ன சின்ன துண்டா எடுத்து, கலரை நீக்கி, `High Pass` ரெண்டு மூணு பிக்சல்ல ஓட்டி, ஓவர்லேல மேல வெச்சோம். இதுல ரெண்டு விசயம் கவனிக்கணும். தடிச்ச வெளிச்சப் பகுதியில விரிசல் ஒரு மாதிரி ஓடும், மெல்லிசான இருட்டுல வேற மாதிரி, அதனால மூஞ்சிக்கு மூஞ்சில இருந்தும் சட்டைக்கு துணியில இருந்தும்தான் எடுக்கணும். ஒரே துண்டை ரெண்டு இடத்துல போட்டா அச்சு விழுந்த மாதிரி தெரிஞ்சிரும். கடைசியா, பழைய சுவத்துல இருந்து வர்ற விரிசல் கோடு இவரு தலைக்குள்ள தொடர்ற மாதிரி அஞ்சாறு இடத்துல கையால இழுத்து விட்டோம்.

கம்பளத்துமேல ரெம்ப்ராண்ட் கையெழுத்தும் வருசமும் இருக்குது. அதை எடுத்துட்டோம், ஏழு பேரு இருக்கற படத்தை அவரு வரையல. ஃப்ரேமுக்கு பின்னாடி எந்த படத்தை வெச்சு எப்ப செஞ்சதுன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்குது.

பிரிண்ட்

காட்டன் கேன்வாஸ்ல பிக்மென்ட் இங்க். முழுசா போடறதுக்கு முன்னாடி மூஞ்சிங்க வர்ற பட்டையை மட்டும் டெஸ்ட் போட்டோம். அதைப் பாத்துட்டு பெரிய பையன் சொன்னாரு, "பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க, லைட் பாக்ஸ்ல போட்டு பாத்துரலாம்". சாயப்பட்டறையில ஷேடு பாக்கற பெட்டி அது, டி65 பகல் வெளிச்சம், டிஎல்84 கடை டியூப்லைட், பழைய குண்டு பல்பு மஞ்சள்னு மாத்தி மாத்தி பாக்கலாம். டி65ல பழுப்பு பச்சை அடிச்சுது, மஞ்சள் பல்புல எல்லாம் சரியா உக்காந்துச்சு. ஆனா ஒரு நல்ல விசயம், எந்த வெளிச்சத்துல வெச்சாலும் ஏழு பேரும் ஒண்ணாத்தான் மாறுனாங்க, இவரு மட்டும் தனியா மாறல. அப்ப எங்க கலர் சரின்னு தெரிஞ்சுது, படத்துக்கு மேல போடற பல்புதான் முடிவு பண்ணணும்.

பிரிண்ட் போட்டவங்க மேல ஜெல் பூசி பிரஷ் தடம் குடுக்கலாம், நிஜ பெயிண்டிங் மாதிரி இருக்கும்னாங்க. வேண்டாம்னுட்டோம். படத்துக்குள்ள ஏற்கனவே பிரஷ் தடம் இருக்குது, அதுமேல வேற கையோட தடம் விழுந்தா பக்கவாட்டு வெளிச்சத்துல ரெண்டும் சண்டை போடும். மேட் வார்னிஷ் மட்டும்.

நடந்தது

அவிநாசி பக்கம் மண்டபத்துல, நுழைவுல மாட்டியிருந்தாங்க. மண்டபத்து லைட்டு எல்லாம் வெள்ளை எல்இடி, நாங்க சொன்னபடி படத்துக்கு மேல மட்டும் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு ரெண்டு போட்டிருந்தாங்க. நிறைய பேரு, இந்த வெள்ளைக்காரங்க யாருன்னு கேட்டுட்டே கடந்து போயிட்டாங்க, அவரை கவனிக்கவே இல்ல. பட்டறையில ரொம்ப வருசமா இருக்கற செக்கிங் மாஸ்டர் ஒருத்தர்தான் நின்னு பாத்து, "அட, நம்ம மொதலாளி அங்க என்ன பண்றாரு"ன்னாரு. அப்பறம் கூட்டம் கூடிருச்சு.

அறுபது முடிச்சவரு பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் பசங்களைப் பாத்து, "எல்லாம் சரி கண்ணு, என்ற சட்டை மட்டும் ஏன் அழுக்கா இருக்குது"ன்னு கேட்டாரு. சுத்தி இருந்தவங்க சிரிச்சுட்டாங்க, ஆனா அவரு நிஜமாத்தான் கேட்டாரு, வெள்ளையை வெள்ளையா குடுக்கறதே தொழிலா இருந்தவரு. பின்னாடி எங்களை கூப்பிட்டு விளக்கம் கேட்டாரு, பக்கத்து ஆள் நிழல் விழுதுங்கன்னு காட்டுனதும் ரெண்டு அடி தள்ளிப் போய் பாத்துட்டு தலையாட்டுனாரு. இப்ப படம் பட்டறை ஆபீஸ்ல இருக்குது.

அடுத்த தடவை மாத்தறது

சட்டையை எடுக்கறப்பவே தீத்திருக்கலாம். பளிச்சுனு கஞ்சி போட்ட வெள்ளைக்கு பதிலா துவைச்சு மங்குன கோரா நிற சட்டை போடச் சொல்லியிருந்தா, டோனை அவ்வளவு இறக்க வேண்டி வந்திருக்காது, துணியோட மடிப்பும் போட்டோவுல நல்லா தெரிஞ்சிருக்கும். வெள்ளையை ரொம்ப இறக்குனா மடிப்புல இருக்கற விவரம் செத்துரும், அந்த இடத்தை முழுசா கற்பனையில வரைய வேண்டி வருது.

மாட்டற இடத்து லைட்டை முதல் நாளே கேக்கணும், டெஸ்ட் பிரிண்டுக்கு அப்பறம் இல்ல. ஆபீஸ்ல இப்ப வெள்ளை டியூப்லைட்டுதான், அங்கயும் மஞ்சள் பல்பு போடற வரைக்கும் பழுப்பு கொஞ்சம் பச்சை அடிக்கும்.

எம்போஸை தனி லேயரா வெச்சிருந்தது நல்லதாப் போச்சு. ஆறடிக்கு செஞ்ச மேடு சின்ன பிரிண்ட்ல கரடுமுரடா தெரியுது, சொந்தக்காரங்களுக்கு ஒண்ணரை அடி காப்பி போட்டப்ப அந்த லேயரை பாதிக்கு குறைச்சுத்தான் போட்டோம்.

சின்னப் பையன் இப்ப அம்மாவையும் சேர்க்க முடியுமான்னு கேக்கறாரு. இந்தப் படத்துல இனி இடமில்லைன்னு சொல்லியாச்சு, எட்டாவது தலையை எங்க வெச்சாலும் யாரையாவது மறைக்கும். வேற படம் பாக்கச் சொல்லியிருக்கோம், படம் முடிவான பிறகுதான் போட்டோ, ஏன்னா கேமரா உயரமும் வெளிச்சம் வர்ற பக்கமும் அந்தப் படத்தைப் பாத்துத்தான் தெரியும்.